29 வருடம் டேலி, இப்போது எஸ்ஏபி: ஜிஆர்ஐஆர் கணக்கில் 14 லட்சம் நிற்கிறது

காளப்பட்டிக்காரன் | வியாழன், இரவு 9.40

வணக்கம். கோவையில் பம்ப் உதிரிபாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் அக்கவுண்ட்ஸ் மேலாளராக இருக்கிறேன். வயது 54. இந்த வேலையில் 29 வருடம். ஏப்ரல் 1 முதல் டேலி மென்பொருளை விட்டு எஸ்ஏபி மென்பொருளுக்கு மாறிவிட்டோம். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் மாற்றத்துக்கு எதிராக நின்றவன் இல்லை. பயிற்சிக்கு எல்லா நாளும் போனேன், ஒரு முழு நோட்டு நிறையக் குறிப்பு எடுத்தேன்.

இப்போது முதல் காலாண்டு முடிந்து டிரையல் பேலன்ஸ் எடுத்தால், ஜிஆர்ஐஆர் என்ற கணக்கில் 14,20,000 ரூபாய் வரவு இருப்பாக நிற்கிறது. சப்ளையர் லெட்ஜர் ஒவ்வொன்றையும் பார்ட்டி அனுப்பிய ஸ்டேட்மெண்டோடு ஒத்துப் பார்த்தேன், பைசா சுத்தமாக இருக்கிறது. ஜிஎஸ்டியும் சரி. ஸ்டோர்ஸில் எண்ணிப் பார்த்த சரக்கும் சரி. எல்லாம் சரியாக இருக்கும்போது 14 லட்சம் எங்கிருந்து வந்தது?

இன்னொன்றும் உறுத்துகிறது. எங்கள் தொழிலில் மூலப்பொருள் செலவு விற்பனையில் 58 சதவீதத்துக்குள் இருக்கும். பல வருடமாகப் பார்க்கும் கணக்கு. இந்தக் காலாண்டில் 60-ஐத் தாண்டி நிற்கிறது. விற்பனை 4 கோடியே 80 லட்சம். நாங்கள் வாங்கும் வார்ப்பு, அதாவது காஸ்டிங், விலை ஏறவில்லை, கழிவும் கூடவில்லை.

அமைத்துக் கொடுத்த ஆலோசகரிடம் கேட்டேன். "யூசர் தப்பு சார்" என்று ஒரு வரியில் முடித்துவிட்டார். தப்பு என்னுடையது என்றால் திருத்திக்கொள்ளத் தயார். ஆனால் எது தப்பு என்று யாராவது விளக்கினால்தானே திருத்த முடியும்? எனக்குக் கீழே இருக்கும் பிள்ளைகள் கீ எல்லாம் வேகமாக அடிக்கிறார்கள். ஏன் என்று கேட்டால் "இப்படித்தான் சார் சொல்லிக் கொடுத்தாங்க" என்கிறார்கள். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

திருப்பூர்நூல் | வியாழன், இரவு 10.15

அண்ணா, இதற்குத்தான் டேலியிலேயே இருந்திருக்கலாம் என்பது. எங்கள் பனியன் கம்பெனியில் 70 கோடி வியாபாரம் டேலியில்தான் ஓடுகிறது. ரெசீட் நோட் போட்டு டிராக்கிங் நம்பர் கொடுத்தால், சரக்கு வந்து பில் வராதது எது என்று அதுவே பட்டியல் போட்டுக் காட்டும். என்ட்ரியை அழிப்பது, மாற்றுவது என்பதும் இப்போது பழைய மாதிரி இல்லை. 2023 ஏப்ரல் 1 முதல் கம்பெனிகள் எடிட் லாக் இருக்கும் மென்பொருளில்தான் கணக்கு வைக்க வேண்டும், டேலியிலும் அது வந்துவிட்டது. இத்தனை வருட அனுபவம் உள்ளவர் மானேஜ்மெண்டிடம் எடுத்துச் சொன்னால் திரும்ப மாற்ற மாட்டார்களா?

---

காளப்பட்டிக்காரன் | வியாழன், இரவு 10.32

தம்பி, திரும்பிப் போவதைப் பற்றி நான் கேட்கவில்லை. அது முடிந்த கதை, அதில் எனக்கு வருத்தமும் இல்லை. இந்த 14 லட்சத்தைப் புரிந்துகொள்ள வேண்டும், அவ்வளவுதான். ஆனால் அந்த டிராக்கிங் நம்பர் விஷயத்தை நாங்கள் பயன்படுத்தியதே இல்லை. பில் வந்ததும் F9 அழுத்தி பர்ச்சேஸ் போட்டுவிடுவோம்.

---

மாருதம்77 | வெள்ளி, காலை 7.05

இது ஒன்றும் பெரிய பிரச்சினை இல்லை சார். ஜிஆர்ஐஆர் என்பது சரக்கு வந்ததற்கும் பில் வந்ததற்கும் நடுவில் நிற்கும் கணக்கு. சரக்கு வரும்போது அங்கே வரவு விழும், பில் போடும்போது பற்று விழும், இரண்டும் அடித்துக்கொண்டு பூஜ்யமாக வேண்டும். மிச்சம் நின்றால் அதைத் துடைக்கவே MR11 இருக்கிறது. பழைய ஆர்டர்களைத் தேர்வு செய்து ஓட்டிவிடுங்கள், ஒரே நாளில் சுத்தமாகிவிடும். எங்கள் கம்பெனியில் வருடக் கடைசியில் அப்படித்தான் செய்கிறோம்.

---

வைகறை | வெள்ளி, காலை 8.20

காளப்பட்டி சார், தயவுசெய்து MR11-ஐ இப்போது தொடாதீர்கள். மாருதம் சார் ஜிஆர்ஐஆரைப் பற்றிச் சொன்னது முழுக்கச் சரி. மருந்துதான் இந்த நோய்க்கானது இல்லை.

நான் காஸ்ட் அக்கவுண்டன்ட். ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் 11 வருடம் கணக்கு பார்த்துவிட்டு, பிறகு எஸ்ஏபி நிதிப் பகுதியை அமைத்துக் கொடுக்கும் வேலைக்கு வந்தவள். நீங்கள் சொல்லும் அடையாளங்களை அப்படியே வேறு இரண்டு இடங்களில் பார்த்திருக்கிறேன். ஒரே ஒரு கேள்விக்கு மட்டும் பதில் சொல்லுங்கள். காஸ்டிங், பேரிங் போன்ற சரக்கு பில்களை நீங்கள் எந்தத் திரையில் பதிகிறீர்கள்? MIRO-விலா, FB60-இலா?

---

காளப்பட்டிக்காரன் | வெள்ளி, மதியம் 1.10

இரண்டிலும் மேடம். MIRO-வில் போடச் சொன்னார்கள். ஆனால் பல பில்களுக்கு ஆர்டர் நம்பரைக் கொடுத்தால் வரி எதுவும் வராது, பதியவும் விடாது. பார்ட்டி பணத்துக்கு நெருக்குவார். கரண்ட் பில், வாடகை எல்லாம் FB60-இல் போடக் கற்றுக் கொடுத்திருந்தார்கள். அது நம் பர்ச்சேஸ் வவுச்சர் மாதிரியே இருந்தது. பார்ட்டி, தொகை, எந்தக் கணக்கில் பற்று, வரி, முடிந்தது. அதனால் MIRO எடுக்காத பில்களை அதில் போட்டேன். ஒரு முறைகூட மறுப்புச் சொல்லவில்லை.

---

வைகறை | வெள்ளி, மாலை 6.45

அதுதான் சார். பிரச்சினை கிடைத்துவிட்டது. ஒரு பில்லை எடுத்துப் பார்ப்போம்.

1,000 கிலோ காஸ்டிங், கிலோ 112 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஸ்டோர்ஸ் MIGO-வில் சரக்கு வரவு பதிகிறது. அந்த நொடியிலேயே, உங்களைக் கேட்காமலேயே, ஒரு கணக்குப் பதிவு விழுகிறது. ஸ்டாக் பற்று 1,12,000, ஜிஆர்ஐஆர் வரவு 1,12,000. பில் இன்னும் உங்கள் மேஜைக்கே வரவில்லை.

பில் வருகிறது. MIRO-வில் போட்டிருந்தால் ஜிஆர்ஐஆர் பற்று 1,12,000, ஜிஎஸ்டி பற்று 20,160, சப்ளையர் வரவு 1,32,160 என்று விழுந்து, நடுக்கணக்கு பூஜ்யமாகியிருக்கும். நீங்கள் FB60-இல் போட்டீர்கள். அதில் பற்று எங்கே என்று அது உங்களையே கேட்கும். நீங்கள் கொள்முதல் செலவு என்று கொடுத்தீர்கள். சப்ளையர் கணக்கு சரி, ஜிஎஸ்டி சரி, ஸ்டாக்கும் சரி. அதனால்தான் எங்கே தேடியும் உங்களுக்குத் தப்பு சிக்கவில்லை. ஆனால் அந்தக் காஸ்டிங் ஸ்டாக்கிலும் ஏறிவிட்டது, செலவிலும் ஏறிவிட்டது. அது உற்பத்திக்குப் போகும்போது மறுபடியும் ஒருமுறை செலவாகும். ஜிஆர்ஐஆரில் 1,12,000 யாரும் எடுக்க வராமல் நிற்கும்.

உங்கள் 58 சதவீதம் 60-ஐத் தாண்டியது இதனால்தான். அந்த விகிதம் உங்கள் மனதில் இருந்ததால்தான் இது மூன்றாம் மாதமே வெளியே வந்தது. திரையை வேகமாக அடிக்கும் பிள்ளைகள் யாருக்கும் அது உறுத்தியிருக்காது.

MR11-ஐ ஏன் வேண்டாம் என்கிறேன்? அது "இந்தச் சரக்குக்கு இனி பில் வராது" என்று பொருள்கொண்டு நடுக்கணக்கைத் துடைக்கும். உங்கள் காஸ்டிங் நகர்வுச் சராசரி விலையில் இருந்தால், துடைக்கும் தொகை ஸ்டாக் மதிப்பிலிருந்து கழியும். கையில் 2,000 கிலோ இருக்கிறது, மதிப்பு 2,24,000 என்றால், ஓட்டியதும் மதிப்பு 1,12,000 ஆகிவிடும். கிலோ 112 ரூபாய் காஸ்டிங் 56 ரூபாய் என்று காட்டும். அடுத்த மாதம் பம்ப் அடக்கவிலை எல்லாம் கோணலாகிவிடும்.

---

மாருதம்77 | வெள்ளி, இரவு 8.30

மேடம், எங்கள் இடத்தில் எல்லாப் பொருளும் நிலையான விலையில் இருக்கிறது. MR11 ஓட்டினால் வித்தியாசம் விலை வேறுபாட்டுக் கணக்குக்குத்தான் போகும், ஸ்டாக் அசையாது. அதனால் எங்களுக்குப் பிரச்சினை வந்ததில்லை. இவருக்கு எந்த முறை என்று கேட்காமல் சொல்லிவிட்டேன்.

---

வைகறை | வெள்ளி, இரவு 8.52

உங்கள் அமைப்பில் லாபம் தற்செயலாகச் சரியாகிவிடும் சார், உண்மைதான். ஆனாலும் பில் எந்த ஆர்டருக்கு வந்தது என்ற தொடர்பு அறுந்தே கிடக்கும். ஆடிட்டர் ஓர் ஆர்டரைப் பிடித்து "இதன் பில் எங்கே?" என்று கேட்டால் காட்ட முடியாது.

---

வங்கிமேசை | வெள்ளி, இரவு 9.30

எனக்கு எஸ்ஏபி தெரியாது. வங்கியில் 36 வருடம் இருந்து ஓய்வு பெற்றவன். ஆனால் சாரின் நிலைமை எனக்கு நன்றாகத் தெரியும், அதனால் எழுதுகிறேன்.

சேமிப்புக் கணக்குக்கு முன்பெல்லாம், மாதம் 10-ஆம் தேதிக்கும் கடைசி தேதிக்கும் இடையில் இருந்த குறைந்தபட்ச இருப்புக்குத்தான் வட்டி. 2010 ஏப்ரல் 1 முதல் தினசரி இருப்புக்கு வட்டி என்று ரிசர்வ் வங்கி மாற்றியது. அப்போது கணினி எல்லாம் வந்துவிட்டது. ஆனால் பழைய விதி எங்களுக்கு ரத்தத்தில் ஊறியது. ஒரு வாடிக்கையாளர் கணக்கில் மாதம் முழுக்க ஒரு லட்சம், நடுவில் ஒரே ஒரு நாள் 10,000. கணினி போட்ட வட்டி மிக அதிகம் என்று எனக்குத் தோன்றியது. தாளில் போட்டுப் பார்த்து, மேலிடத்துக்குக் கடிதமே எழுதிவிட்டேன். கணினி சரி, நான் பழைய விதியில் போட்டிருந்தேன்.

அந்தக் காலாண்டு முழுக்க தினமும் ஐந்து கணக்கு எடுத்து, புது விதியில் கையால் போட்டு, கணினியோடு ஒத்துப் பார்த்தேன். அதன் பிறகுதான் நிம்மதி வந்தது, கையால் போடுவதையும் நிறுத்தினேன். சார், நீங்களும் டேலியை இணையாக ஓட்டிக்கொண்டே இருங்கள் என்று சொல்லத் தோன்றுகிறது. இரண்டையும் ஒப்பிட்டால் தப்பு தெரியும் அல்லவா?

---

காளப்பட்டிக்காரன் | சனி, காலை 6.30

ஐயா, அதைத்தான் செய்துகொண்டிருந்தேன். ஏப்ரல், மே இரண்டு மாதமும் இரவு எட்டரை வரை உட்கார்ந்து டேலியிலும் போட்டேன். இரண்டிலும் சப்ளையர் இருப்பு ஒத்துப்போனதால்தான் எல்லாம் சரி என்று நம்பினேன்.

வைகறை மேடம், நீங்கள் எழுதியதை அந்தப் பில்லோடு வைத்து மூன்று முறை படித்தேன். புரிந்துவிட்டது. உண்மையாகவே நன்றி. பயிற்சியில் எந்த பட்டன் எங்கே என்றுதான் சொன்னார்கள். ஸ்டோர்ஸ் ஆள் பதிந்தால் அக்கவுண்ட்ஸில் பற்று வரவு விழும் என்பதை யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. டேலியில் நான் வவுச்சர் போட்டால்தான் கணக்கு ஆரம்பிக்கும். இங்கே எனக்கு முன்னால் பாதிக் கணக்கு முடிந்திருக்கிறது.

இனி திருத்துவது எப்படி? சில பில்களுக்குப் பணமும் போய்விட்டது.

---

வைகறை | சனி, காலை 10.05

முதலில் பிரித்தெடுங்கள். FBL3N-இல் ஜிஆர்ஐஆர் கணக்கைக் கொடுத்து, இன்னும் முடிக்கப்படாத வரிகளை மட்டும் எடுத்து, ஆர்டர் நம்பர் வாரியாக அடுக்குங்கள். ஒவ்வொரு வரிக்கும் FB60-இல் போட்ட பில் இருக்கிறதா என்று பாருங்கள். மூன்று குவியல் வரும். பில் வந்து தப்பான இடத்தில் போனவை. சரக்கு வந்து பில் இன்னும் வராதவை, அவை இருக்க வேண்டியவைதான், தொடாதீர்கள். அப்புறம் அளவு அல்லது விலை வித்தியாசம்.

முதல் குவியலுக்கு வரிசை முக்கியம். பணம் போகாத பில் என்றால் FB08-இல் எதிர்ப்பதிவு செய்துவிட்டு, பிறகு அதே பில்லை MIRO-வில் ஆர்டரோடு போடுங்கள். பணம் போய்விட்டது என்றால் பில்லும் பணமும் ஒன்றோடொன்று கோத்து முடிக்கப்பட்டிருக்கும். அந்த முடிச்சை FBRA-வில் அவிழ்த்த பிறகுதான் FB08 விடும். MIRO போட்ட பிறகு அந்தப் பணத்தைப் புதுப் பதிவோடு F-44-இல் மறுபடி கோத்துவிடுங்கள்.

எதிர்ப்பதிவு செய்வதற்கு முன்னால் MIRO போட்டுவிடாதீர்கள். ஒரே பில் இரண்டு தடவை சப்ளையர் கணக்கில் நிற்கும், பணம் அனுப்பும் நாளில் இரண்டும் போய்விடும். இரட்டைப் பில் எச்சரிக்கை இருக்கிறதே என்று நினைக்கலாம். சப்ளையர் மாஸ்டரில் அதை இயக்கி வைத்திருந்தால்தான் வரும். அதிலும் பில் எண்ணை ஒரு முறை 482 என்றும் இன்னொரு முறை INV/482 என்றும் அடித்தால் அதற்கு இரண்டும் வேறு வேறு பில்.

இன்னொன்று. FB60, MIRO இரண்டிலும் Simulate என்று ஒரு பட்டன் இருக்கிறது. பதிவதற்கு முன்னால் அதை அழுத்தினால் எந்தக் கணக்கில் பற்று, எதில் வரவு என்று அப்படியே காட்டும். உங்களுக்கு அந்தத் திரைதான் தாய்மொழி. மெனுவை மனப்பாடம் செய்வதை விட, ஒவ்வொரு புது வகைப் பதிவுக்கும் முதல் பத்து தடவை அதைப் பார்த்துவிட்டுப் பதியுங்கள். அப்புறம், பயிற்சிக்கென்று தனி சர்வர் வைத்திருப்பார்கள். அதில் நுழைய உங்களுக்கு அனுமதி கேட்டு வாங்குங்கள். இந்த 1,000 கிலோ கணக்கை அங்கே ஆர்டரிலிருந்து பணம் வரை நீங்களே ஒருமுறை ஓட்டிப் பாருங்கள், சரக்கு வரவையும் நீங்களே பதியுங்கள்.

வங்கி ஐயா சொன்ன இணை ஓட்டம் பற்றி: நீங்கள் புது விதியில் கையால் போட்டது கற்றுக்கொள்ள உதவியது ஐயா. இவருடைய டேலியில் நடுக்கணக்கே இல்லை. இல்லாத ஒன்றை வைத்து இருக்கும் ஒன்றை ஒப்பிட முடியாது.

---

இளங்கணக்கு | சனி, மதியம் 12.40

எனக்கு வயது 26, இதே மாதிரி ஒரு கம்பெனியில் ஜூனியர். இந்த இழையைப் படித்ததும் பயம் வந்து எங்கள் ஜிஆர்ஐஆரைத் திறந்து பார்த்தேன். எங்களிடமும் 3 லட்சம் நிற்கிறது. நானும் MIRO எடுக்காவிட்டால் FB60-தான் போடுகிறேன். வயதுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை போல.

எங்கள் சீனியரிடம் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. தெரியாததை என்னிடம் கேட்பார், ஆனால் எல்லோரும் வீட்டுக்குப் போன பிறகுதான் கேட்பார். பகலில் கேட்டால் மற்ற இரண்டு பேரும் சேர்ந்து கற்றிருப்பார்கள். நானும் அவரிடம் "இதில் பற்று எங்கே விழும்?" என்று திருப்பிக் கேட்டிருப்பேன்.

ஒரு சந்தேகம் மேடம். ஜூன் மூடியாகிவிட்டது, இது ஜூலை. எதிர்ப்பதிவை ஜூலையில் போட்டால் காலாண்டுக் கணக்கு தப்பாகவே நிற்குமே? ஜூனைத் திறக்கச் சொல்லலாமா?

---

வைகறை | சனி, மாலை 4.15

நல்ல கேள்வி தம்பி. மூடிய மாதத்தைத் திறக்காவிட்டால் FB08-இல் காரணம் 02 கொடுத்து ஜூலைத் தேதியில் எதிர்ப்பதிவு போடலாம். அப்போது ஏப்ரல் முதல் ஜூன் வரை லாபம் குறைவாகவும் ஜூலையில் அதிகமாகவும் தெரியும். ஜூனைத் திறந்தால் காலாண்டு சரியாகும், ஆனால் அந்தக் காலாண்டு எண்களை வெளியில் யாருக்காவது கொடுத்திருந்தால் அவை மாறும். இதை நான் முடிவு செய்ய மாட்டேன், உங்கள் ஆடிட்டரும் நிர்வாகமும் செய்ய வேண்டியது.

ஜிஎஸ்டியில் எதிர்ப்பதிவும் புதுப் பதிவும் ஒரே மாதத்தில் விழுந்தால் வரிக்கடன் நிகரம் பூஜ்யம். ஆனால் ரிட்டர்ன் போடுபவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் ஏற்கெனவே எடுத்த பில்லைப் புதுப் பில் என்று மறுபடி எடுத்துவிடுவார்.

---

கேட்பாஸ் | ஞாயிறு, காலை 9.00

நான் வேறொரு கம்பெனியில் ஸ்டோர்ஸ்காரன். அக்கவுண்ட்ஸ் ஆட்கள் எல்லோரும் எங்களைப் பற்றிப் பேசுகிறீர்கள், எங்களிடம் யாரும் கேட்கவில்லை. MIRO ஏன் ஆர்டரை எடுக்கவில்லை? நாங்கள் MIGO போடவில்லை, அதனால். ஏன் போடவில்லை? காஸ்டிங் மாலை நான்கு மணிக்கு கேட்டில் இறங்கும். க்யூ.சி. பார்த்து, மணல் துளை, விரிசல் எல்லாம் சோதித்து ஓகே சொல்ல இரண்டு மூன்று நாள் ஆகும். ஓகே ஆகாத சரக்கை நான் எப்படி ஸ்டாக்கில் ஏற்றுவேன்? ஏற்றினால் மெஷின் ஷாப்காரர் அன்றைக்கே இழுத்துக்கொண்டு போய்விடுவார். பில் மட்டும் லாரியோடு வந்து நேராக உங்கள் மேஜைக்குப் போய்விடுகிறது. எட்டு வருடமாக இப்படித்தான் நடக்கிறது, டேலி காலத்தில் யாருக்கும் இது பிரச்சினையாகத் தெரியவில்லை.

---

வைகறை | ஞாயிறு, காலை 11.30

நீங்கள் எழுதியதற்கு நன்றி அண்ணா, இந்த இழையில் விட்டுப்போன பாதி இதுதான். பில் முதலில் FB60-இல் போய்விட, ஸ்டோர்ஸ் பிறகு MIGO போட்டதும் ஜிஆர்ஐஆர் வரவு மட்டும் தனியாக நின்றுவிட்டது.

உங்கள் பயம் நியாயமானது, அதற்கு வழி இருக்கிறது. MIGO போடும்போது அந்த வரியில் சரக்கின் வகையைத் தர ஆய்வு என்று தேர்வு செய்யுங்கள். கேட்டில் இறங்கிய அன்றே பதியலாம். கணக்கில் ஏறிவிடும், பில்லையும் அக்கவுண்ட்ஸ் போட முடியும், ஆனால் உற்பத்திக்கு எடுக்க முடியாது. க்யூ.சி. ஓகே சொன்ன பிறகு அதைப் பொதுச் சரக்குக்கு மாற்றினால்தான் மெஷின் ஷாப் தொட முடியும். கழிந்த காஸ்டிங்கை 122 என்ற நகர்வு வகையைப் போட்டு சப்ளையருக்குத் திருப்புங்கள், ஜிஆர்ஐஆரிலும் அந்த அளவு குறைந்துவிடும்.

ஒரு குறை உண்டு, மறைக்காமல் சொல்கிறேன். பில்லும் போட்டு, பணமும் போன பிறகு சரக்கு கழிந்தால் டெபிட் நோட் வேலை கூடும். கழிவு அதிகமுள்ள சப்ளையர் என்றால் இந்த முறை உங்களுக்குத் தொல்லையாக இருக்கும்.

---

கேட்பாஸ் | ஞாயிறு, மதியம் 2.20

அப்படி ஒரு வகை இருப்பதே எங்களுக்குச் சொல்லப்படவில்லை. ஆனால் எங்களுக்கு ஒரு ஃபவுண்டரியிலிருந்து வருவதில் நூற்றுக்கு பத்துக்கு மேல் கழியும். அதற்கு இது ஒத்து வராது என்றுதான் நினைக்கிறேன்.

---

காளப்பட்டிக்காரன் | அடுத்த சனி, இரவு 9.10

ஒரு வாரம் கழித்து எழுதுகிறேன். எல்லா வரியையும் பிரித்துவிட்டேன். 14,20,000-இல், நான் FB60-இல் போட்டவை 31 பில், 11,46,000 ரூபாய். சரக்கு வந்து பில் வராதவை 2,10,000. மிச்சம் 64,000 அளவு வித்தியாசம். MR11 ஓட்டியிருந்தால் அந்த 2,10,000-மும் சேர்ந்து போயிருக்கும், நாளை அந்தப் பில்கள் வரும்போது வேறு குழப்பம் வந்திருக்கும்.

11,46,000 என்பது விற்பனையில் 2.4 சதவீதத்துக்குக் கொஞ்சம் கீழே. என் மனதில் இருந்த 58-க்கும் வந்த 60 சொச்சத்துக்கும் நடுவில் இருந்த இடைவெளி அப்படியே அதில் உட்கார்ந்துவிட்டது. தாளில் அதைப் போட்டுப் பார்த்தபோது வந்த நிம்மதியைச் சொல்லத் தெரியவில்லை.

31-இல் 19-க்குப் பணம் போயிருந்தது. பயிற்சி சர்வரில் இரண்டு பில்லை FBRA-விலிருந்து F-44 வரை செய்து பார்த்த பிறகு, புதன்கிழமை எங்கள் பிரிவில் நான்கு பேரையும் உட்கார வைத்து, பகலிலேயே, பெரிய திரையில் நானே முதல் பில்லைத் திருத்தினேன். இளங்கணக்கு தம்பி எழுதியதைப் படித்ததால்தான் பகலில் செய்தேன். நடுவில் ஓரிடத்தில் நின்றுவிட்டேன், எங்கள் ஜூனியர் பெண் எழுந்து வந்து எந்தத் திரை என்று காட்டினாள். Simulate அழுத்தியதும் ஜிஆர்ஐஆரில் பற்று விழுவதை நான் அவளுக்குக் காட்டினேன். மூன்று மாதமாக அந்தத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தவள், அந்த வரி எதற்கு என்று அன்றைக்குத்தான் கேட்டாள். வெள்ளிக்கிழமைக்குள் 31-ம் முடிந்துவிட்டது.

வியாழன் மாலை நான்கு மணிக்கு கேட்டில் போய் நின்றேன். இந்தக் கம்பெனியில் சேர்ந்ததிலிருந்து சரக்கு இறங்குவதை முழுசாகப் பார்த்தது அன்றைக்குத்தான். கேட்பாஸ் அண்ணா சொன்ன மாதிரியே, பில் என் மேஜைக்கு, சலான் ஸ்டோர்ஸுக்கு, காஸ்டிங் ஒரு மூலைக்கு. எங்கள் ஸ்டோர்ஸ் பொறுப்பாளர் தர ஆய்வு வகையில் ஏற்றச் சம்மதித்தார். க்யூ.சி. மேலாளர் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. இரண்டாவது பதிவை யார் போடுவது என்று கேட்கிறார், அவர் பிரிவில் ஆள் இல்லை. இப்போதைக்கு மூன்று சப்ளையருக்கு மட்டும் செய்து பார்க்கிறோம்.

ஜூனைத் திறப்பதா என்று ஆடிட்டரும் எங்கள் எம்.டி.யும் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். டேலியில் இணையாகப் போடுவதை நிறுத்திவிட்டேன்.

மேடம், அந்த 64,000-இல் ஒன்று மட்டும் புரியவில்லை. ஆர்டர் 500 பேரிங், சரக்கு வரவு 480, பில் 500-க்கு. MIRO-வில் 500 போட்டேன், பதிந்தது, ஆனால் பணம் அனுப்பும் பட்டியலில் அந்தப் பில் வரவே மாட்டேன் என்கிறது.

---

வைகறை | அடுத்த சனி, இரவு 10.00

அளவு வித்தியாசத்துக்காக அதுவே பில்லை நிறுத்தி வைத்திருக்கிறது சார், நல்லதுதான் செய்திருக்கிறது. MRBR-இல் போய்ப் பார்த்தால் தெரியும். அங்கேயே விடுவிக்கவும் முடியும், ஆனால் இப்போது விடுவிக்காதீர்கள். முதலில் ஸ்டோர்ஸில் கேளுங்கள். அந்த 20 பேரிங் உண்மையிலேயே வரவில்லையா, இல்லை எண்ணிப் பதிந்தவர் விட்டுவிட்டாரா?

---

காளப்பட்டிக்காரன் | அடுத்த சனி, இரவு 10.12

திங்கள் காலை முதல் வேலை அதுதான். நானே போய் எண்ணிவிட்டு வந்து எழுதுகிறேன்.